61 மணி நேர மின்தடை, மீன் கிடங்கு கிளெய்ம்: லாகர் நேரமும் ஃபீடர் ரெக்கார்டும் ஒத்துப்போகவில்லை

மைனஸ்இருபது · திங்கள் காலை 9:12

வணக்கம். உறைந்த மீன் வைக்கும் கிடங்கு. இரண்டு சேம்பர், இரண்டுமே 18 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம், மைனஸ் 20-ல் ஓடுபவை. முதல் சேம்பரில் 180 டன், இரண்டாவதில் 40 டன். புயல்காற்றில் கம்பங்கள் சாய்ந்து, 7-ஆம் தேதி அதிகாலை 2:14-க்குப் போன கரண்ட் 9-ஆம் தேதி பிற்பகல் 3:34-க்குத்தான் வந்தது. 61 மணி 20 நிமிடம். பாலிசியில் சரக்கு கெடுதல் பிரிவும், வெளி மின்சப்ளை நின்றுபோதலும் சேர்ந்தே இருக்கின்றன. 220 டன்னுக்கும் கிளெய்ம் போட்டிருக்கிறேன்.

சர்வேயர் எழுத்தில் மூன்று கேள்வி கேட்டிருக்கிறார். ஒன்று, அறையின் வெப்பநிலையைத் தானாகப் பதியும் லாகரில் அது ஏற ஆரம்பிப்பது 6-ஆம் தேதி இரவு 8:45-க்கு, கரண்ட் போவதற்கு ஐந்தரை மணி நேரம் முன்பு. ஆகவே மெஷின் அதற்கு முன்பே நின்றிருக்கிறது என்கிறார். இரண்டு, சப்ஸ்டேஷன் ரெக்கார்டில் எங்களுக்கு வரும் லைனான ஃபீடர் 8-ஆம் தேதி இரவு 10:10-க்கே சார்ஜ் ஆகிவிட்டது. அதன்பின் 17 மணி நேரம் எதனால் கரண்ட் இல்லை? மூன்று, நான் கொடுத்த எக்ஸெல் ஷீட்டும் லாகரின் பி.டி.எஃப்.பும் வேறு வேறு நேரம் காட்டுகின்றன. லாகர் நேரம் தப்பாக இருந்ததால் எக்ஸெல்லில் நான்தான் திருத்திக் கொடுத்தேன். அது தவறா? லாகரிலிருந்து கொஞ்சம்:

```
Timestamp,CH1_RA,CH2_RA
06-11 20:30,-19.8,-19.6
06-11 20:45,-19.7,-19.5
06-11 21:00,-18.6,-18.1
06-11 21:30,-17.1,-16.2
06-11 22:00,-18.0,-15.3
```

எளியவழி · திங்கள் காலை 9:40

இதில் குழப்பிக்கொள்ள எதுவும் இல்லை. லாகருக்கு காலிபரேஷன் சர்ட்டிபிகேட் இருந்தால் அதன் பி.டி.எஃப். போதும், அதை யாரும் கேள்வி கேட்க முடியாது. பி.டி.எஃப்.பை மட்டும் கொடுத்துவிட்டு எக்ஸெல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

சேதக்கணக்கு · திங்கள் காலை 10:25

எளியவழி சொல்வதில் பாதி சரி. காலிபரேஷன் சர்ட்டிபிகேட் வேண்டும்தான். ஆனால் அது வெப்பநிலையைப் பற்றியது. அந்த சென்சார் மைனஸ் 20-ஐ மைனஸ் 20 என்று காட்டுகிறதா என்பதைச் சொல்லும். உள்ளே இருக்கும் கடிகாரம் சரியா என்று பெரும்பாலான சர்ட்டிபிகேட்டுகளில் ஒரு வரிகூட இருக்காது. இங்கே தகராறே கடிகாரத்தில்தான்.

கொடுத்த எக்ஸெல்லைத் திரும்ப வாங்குவது அதைவிட மோசம். கோப்பில் ஏறிய ஆவணம் மறைந்தால் சந்தேகம்தான் பெரிதாகும்.

மைனஸ்இருபது சார், ஐந்தரை மணி என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதிகாலை 2:14-லிருந்து 5 மணி 30 நிமிடம் கழித்தால் முந்தைய இரவு 8:44. லாகரில் ஏற்றம் தொடங்குவது 8:45 வரிக்குப் பின். உங்கள் லாகர் உலகப் பொது நேரத்தில், அதாவது `UTC`-யில் ஓடுகிறது. மேகத்தில் சேமிக்கும் லாகர்கள் பலவும் உள்ளே அப்படித்தான் பதிகின்றன. திரையில் பார்க்கும்போது உள்ளூர் நேரமாக மாற்றிக் காட்டும், கோப்பாக இறக்கும்போது மாற்றாது. பி.டி.எஃப்.பின் அடியில் நேரமண்டலம் ஏதாவது அச்சாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அது இல்லையென்றாலும் நிரூபிக்க வழி இருக்கிறது. ஒன்று கேட்கிறேன். காயிலில் படியும் பனியை உருக்கும் டீஃப்ராஸ்ட்டை எந்த நேரங்களில் வைத்திருக்கிறீர்கள்? ஜெனரேட்டர் ஓடியதா?

இன்னொன்று, இப்போதே சொல்லிவிடுகிறேன். லாகர் கடிகாரத்தைச் சரிசெய்து விடாதீர்கள். இன்று அது என்ன தவறு காட்டுகிறதோ, அந்தத் தவறுதான் உங்கள் சாட்சி.

நுகர்வோர்_குரல் · திங்கள் காலை 11:02

61 மணி நேரம் கரண்ட் இல்லை என்றால் மின்வாரியம்தான் நஷ்டஈடு தர வேண்டும். முதலில் அவர்களுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள், இன்சூரன்சுடன் ஏன் போராட வேண்டும்?

சேதக்கணக்கு · திங்கள் காலை 11:10

அது வேறு வழக்கு, இவர் கேட்பது பாலிசி கிளெய்ம். ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும்: இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்தபின் மூன்றாம் தரப்பிடம் அதை வசூலிக்கும் உரிமை கம்பெனிக்குப் போகும். அந்த உரிமையைக் கெடுக்கும்படி இவர் தனியாக யாருடனும் சமரசக் கடிதம் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

மைனஸ்இருபது · திங்கள் பகல் 12:30

டீஃப்ராஸ்ட் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. நள்ளிரவு 12, காலை 6, பகல் 12, மாலை 6. கன்ட்ரோலர் பேனலிலேயே அந்த அமைப்பு தெரிகிறது.

ஜெனரேட்டர் 7-ஆம் தேதி அதிகாலை 3:05 முதல் காலை 9:40 வரை ஓடியது. முதல் சேம்பரின் கம்ப்ரசரை மட்டும்தான் அது தாங்கும். ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து நின்றது. ரோட்டில் மரங்கள் கிடந்ததால் ஆளும் பாகமும் வரவில்லை. ஜெனரேட்டர் நோட்டில் மணிக்கணக்கு எழுதியிருக்கிறது.

பி.டி.எஃப்.பில் நேரமண்டலம் எதுவும் அச்சாகவில்லை.

சேதக்கணக்கு · திங்கள் பகல் 1:15

நல்லது, இவை போதும்.

மின்தடைக்கு முந்தைய ஏழு நாள் லாகர் பதிவை எடுத்து வரைபடமாகப் போடுங்கள். டீஃப்ராஸ்ட் ஆகும்போது ஃபேன் நிற்கும், காயில் சூடாகும், ரிட்டர்ன் ஏர் சென்சாரில் ஒரு சின்ன மேடு விழும். உங்கள் கன்ட்ரோலர்படி அந்த மேடு 12, 6, 12, 6 மணிக்கு வர வேண்டும். லாகர் `UTC`-யில் ஓடினால் கோப்பில் அது 18:30, 00:30, 06:30, 12:30-க்கு வந்திருக்கும். ஏழு நாளில் 28 மேடு. இருபத்தெட்டும் அரை மணியில் விழுந்திருந்தால் மெஷின் முன்கூட்டியே நின்றது என்ற வாதம் அங்கேயே நின்றுவிடும்.

இரண்டாவது நங்கூரம் ஜெனரேட்டர். உள்ளூர் 3:05 என்பது கோப்பில் 21:35. நீங்கள் போட்ட ஐந்து வரியிலேயே அது தெரிகிறது, பாருங்கள்: 21:30-ல் மைனஸ் 17.1-ஆக இருந்த முதல் சேம்பர் 22:00-ல் மைனஸ் 18.0-க்கு இறங்குகிறது. அதே அரை மணியில் இரண்டாம் சேம்பர் தொடர்ந்து ஏறுகிறது. கோப்பில் 04:10-க்குப் பின் முதல் சேம்பர் மறுபடி ஏற ஆரம்பித்திருக்க வேண்டும். ஜெனரேட்டர் நோட்டும் லாகரும் ஒன்றையொன்று அறியாமல் எழுதப்பட்டவை. இரண்டும் ஒரே 5:30 வித்தியாசத்தில் பொருந்தினால் அதைவிட வலுவான சாட்சி கிடையாது.

மூன்றாவது, இன்று சர்வேயர் முன்னிலையில் லாகர் திரையையும் சரியான நேரம் காட்டும் ஒரு போனையும் ஒரே படத்தில் எடுங்கள்.

எக்ஸெல் விஷயம். நீங்கள் திருத்தியது உண்மை நேரம்தான், நம்புகிறேன். ஆனால் எப்படித் திருத்தினீர்கள் என்று சொல்லாமல் கொடுத்ததுதான் பிழை. இனி செய்ய வேண்டியது: லாகரின் மூலக்கோப்பை, அந்த மென்பொருளே சேமிக்கும் வடிவத்தில், தொடாமல் கொடுங்கள். கூடவே ஒரு பக்கக் கடிதம். முன்பு கொடுத்த எக்ஸெல்லில் எல்லா நேரத்துக்கும் 5:30 கூட்டியிருக்கிறேன், வெப்பநிலை எண் எதையும் மாற்றவில்லை, காரணம் இது, ஆதாரம் இந்த 28 மேடு என்று எழுதுங்கள். மூலக்கோப்பை இன்றே இறக்கிவிடுங்கள். பல லாகர்களில் நினைவகம் நிறைந்தால் பழைய பதிவின் மேலேயே புதிது எழுதும்.

ஏபி_சுவிட்ச் · திங்கள் மாலை 4:50

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், அது லைன் ஆட்கள் சமாசாரம்.

சப்ஸ்டேஷன் லாக் சொல்வது பிரேக்கர் எப்போது திறந்தது, எப்போது மூடியது என்பதை மட்டும். உங்கள் வாசலுக்கு கரண்ட் வந்ததா என்று அதற்குத் தெரியாது. புயலுக்குப் பின் ஃபீடரை ஒரே மூச்சில் சார்ஜ் செய்ய மாட்டார்கள். லைனைப் பகுதி பகுதியாகப் பிரிக்க வழியில் உள்ள ஏ.பி. சுவிட்சுகளைத் திறந்து வைத்து, சரியான பகுதியை முதலில் ஏற்றிவிட்டு, மீதியை ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். 22:10-க்கு பிரேக்கர் மூடியிருக்கும், உங்கள் பிரிவு திறந்தே கிடந்திருக்கலாம். அல்லது உங்கள் டிரான்ஸ்பார்மருக்கு முன்னால் உள்ள ஹெச்.டி., அதாவது உயர் அழுத்த ஃபியூஸ் போயிருக்கலாம். எது என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

ஆகவே ஃபீடர் ரெக்கார்டை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் கரண்ட் மீட்டரிலேயே பதிவு இருக்கிறது. ஹெச்.டி. இணைப்புக்கு வைக்கும் மின்னணு மீட்டர் கரண்ட் போன நேரம், வந்த நேரம் இரண்டையும் நிகழ்வாகப் பதியும். லோடு சர்வே என்று கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருமுறை ஓடிய யூனிட்டும் இருக்கும். முகப்பில் உள்ள ஆப்டிகல் போர்ட்டில் கேபிள் வைத்து இறக்க வேண்டும், அதை மின்வாரிய மீட்டர் பிரிவுதான் செய்யும். எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, தேதி குறிப்பிட்டு, நிகழ்வுப் பதிவும் லோடு சர்வேயும் இரண்டும் வேண்டும் என்று கேளுங்கள். லோடு சர்வே குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் நிற்காது, தள்ளிப் போடாதீர்கள். மீட்டர் கடிகாரமும் சில நிமிடம் தள்ளி ஓடும், அதையும் அன்றைக்கே குறிக்கச் சொல்லுங்கள்.

புகார் எண் இருக்கிறதா? 8-ஆம் தேதி இரவுக்குப் பின் நீங்கள் கரண்ட் இல்லை என்று போன் செய்து பதிவான எண்.

மைனஸ்இருபது · திங்கள் இரவு 8:20

இருக்கிறது அண்ணா. 9-ஆம் தேதி காலை 6:20-க்குப் புகார் எண் வாங்கினோம். லைன்மேன் வந்து ஃபியூஸ் கட்டியபின் 3:34-க்கு வந்தது. எந்த ஃபியூஸ் என்று நான் கவனிக்கவில்லை. கம்பத்தில் ஏறிக் கட்டினார், அவ்வளவுதான் தெரியும்.

ஏபி_சுவிட்ச் · திங்கள் இரவு 9:05

அந்தக் கம்பம் யாருடையது என்பதுதான் 17 மணி நேரத்தின் தலையெழுத்து. மீட்டருக்கு முன்னால், மின்வாரியப் பராமரிப்பில் உள்ள கட்டமைப்பில் ஃபியூஸ் போயிருந்தால் வெளி சப்ளை இன்னும் வரவில்லை என்றே பொருள். மீட்டருக்குப் பின்னால், உங்கள் சொந்த டிரான்ஸ்பார்மர் பக்கம் என்றால் சப்ளை வந்துவிட்டது, உங்கள் சாமான் பழுது என்று சொல்லிவிடுவார்கள். லைன்மேனின் வேலைப்பதிவிலோ பிரிவு அலுவலகப் புத்தகத்திலோ எந்த இடத்தில் ஃபியூஸ் மாற்றினார் என்று எழுதியிருக்கும். சான்றுக்கடிதம் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல் உதவாது.

ரெக்கார்டில் நடுவே எல்.சி. என்று இருந்தால் பயப்படாதீர்கள். கம்பம் நடும்போது லைன் கிளியர், அதாவது லைனை நிறுத்தி வேலை செய்யும் அனுமதி வாங்கித்தான் வேலை செய்ய முடியும்.

சேதக்கணக்கு · திங்கள் இரவு 9:40

ஏபி சொன்னதில் கடைசி வரியைக் கொஞ்சம் விரிக்கிறேன். பல பாலிசிகளில் சப்ளை நிறுவனமே வேண்டுமென்று நிறுத்தியது விலக்கப்பட்டிருக்கும். முறைவைத்து நிறுத்துவது, பராமரிப்புக்கு நிறுத்துவது போன்றவை. ரெக்கார்டில் எல்.சி. என்ற எழுத்தைப் பார்த்து அந்த மணிகளை மட்டும் வெட்டச் சொல்பவர்கள் உண்டு. என் கருத்தில் அது தவறு, காற்றில் விழுந்த கம்பத்தை நிமிர்த்தத்தான் அந்த நிறுத்தம், முதற்காரணம் மாறவில்லை. ஆனால் பாலிசி வாசகம் எப்படி என்று பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

மீட்டர் பதிவு வந்ததும் ஒரே தாளில் மூன்று நேரத்தையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள்: ஃபீடர், மீட்டர், லாகர். ஒவ்வொன்றின் கடிகாரப் பிழையும் தனி வரியில்.

அமோனியா · செவ்வாய் காலை 7:30

எல்லோரும் கடிகாரத்திலேயே நிற்கிறீர்கள். எனக்கு உறுத்துவது 220 டன் என்ற எண். கடிகாரம் சரியானாலும் அது நிற்காது.

கணக்கு இதுதான். ஒரு சேம்பரின் ஆறு பக்கமும் சேர்த்து 696 சதுர மீட்டர். 150 மில்லிமீட்டர் பஃப் பேனல் புதிதாக இருந்தால் சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 0.15 வாட் அளவில் வெப்பம் உள்ளே வரும். தரை, கதவு, இணைப்புகள், பேனலின் வயது எல்லாம் சேர்த்து 0.25 என்று தாராளமாக வைக்கிறேன். வெளியே 28, உள்ளே மைனஸ் 20. உள்ளே ஏற ஏற வித்தியாசம் குறையும் என்பதால் சராசரி 45 டிகிரி. 696-ஐ 0.25-ஆலும் 45-ஆலும் பெருக்கினால் ஏறக்குறைய 7.8 கிலோவாட். 61 மணி நேரத்துக்கு உள்ளே போன மொத்த வெப்பம் 1,700 மெகாஜூல் சொச்சம்.

இரண்டாம் சேம்பரில் 40 டன். கிலோவுக்கு 43 கிலோஜூல் விழுகிறது. கொழுப்பு குறைந்த மீன் மைனஸ் 20-லிருந்து மைனஸ் 8-க்கு வர ஏறக்குறைய 42 கிலோஜூல் போதும். அதாவது சராசரி மைனஸ் 8. சராசரி என்றால் மேலடுக்கும் வெளிப்பெட்டிகளும் அதைவிட நன்றாகவே இளகியிருக்கும், உள் பெட்டிகள் அதைவிடக் குளிராக இருக்கும். அங்கே சேதம் உண்டு.

முதல் சேம்பரில் 180 டன். ஜெனரேட்டர் ஓடியது போக 54 மணி. கிலோவுக்கு 8 கிலோஜூல் சொச்சம்தான். சராசரி மைனஸ் 17. நிறைய சரக்கே அங்கே பனிக்கட்டியாக நின்று காப்பாற்றியிருக்கிறது. 180 டன்னும் கெட்டது என்று சொன்னால் கணக்குத் தெரிந்த சர்வேயர் மொத்தக் கோப்பையும் சந்தேகிப்பார்.

மைனஸ்இருபது · செவ்வாய் காலை 8:45

ஆனால் லாகரில் முதல் சேம்பரே மைனஸ் 4 வரை போயிருக்கிறதே சார்? மைனஸ் 17 எப்படி?

அமோனியா · செவ்வாய் காலை 9:20

உங்கள் சென்சார் எங்கே இருக்கிறது? `CH1_RA` என்றால் ரிட்டர்ன் ஏர். ஈவாப்பரேட்டர் பக்கத்தில், கூரைக்குக் கீழே. ஃபேன் ஓடும்வரை காற்று கலந்துகொண்டே இருக்கும், அந்த எண் அறை முழுவதற்கும் பொருந்தும். ஃபேன் நின்றதும் சூடான காற்று மேலே போய் கூரையடியில் தங்கும். சென்சார் அதில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த மைனஸ் 4 கூரையடிக் காற்று, மீன் அல்ல.

கரண்ட் வந்தபின் இதே ஏமாற்று தலைகீழாக நடக்கும். ஃபேன் ஓடியதும் காற்று இரண்டு மூன்று மணியில் மைனஸ் 15-க்கு வந்துவிடும், மீனின் நடுப்பகுதி நாள் கணக்கில் பின்தங்கும். அதைக் காட்டி மூன்று மணியில் எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர்கள் சொன்னால் அதுவும் தப்பு.

கரண்ட் வந்ததும் யாராவது பெட்டிக்குள் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தீர்களா? அது இருந்தால் என் கணக்கைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

மைனஸ்இருபது · செவ்வாய் காலை 11:10

சூப்பர்வைசர் பார்த்திருக்கிறார்! இரண்டாம் சேம்பரில் மட்டும், 12 இடத்தில், 9-ஆம் தேதி மாலை 4:10-லிருந்து 4:50-க்குள். ஊசி தெர்மாமீட்டரைப் பெட்டிகளுக்கு நடுவே செருகி போனில் படம் எடுத்திருக்கிறார். மேலடுக்கில் மைனஸ் 2.5-லிருந்து மைனஸ் 4 வரை. நடு அடுக்கில் மைனஸ் 7, 8. அடியடுக்கில் மைனஸ் 11, 12. படங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருக்கின்றன. முதல் சேம்பரில் எடுக்கவில்லை. சர்வேயர் மறுநாள் காலை 10 மணிக்குத்தான் வந்தார், அதற்குள் மெஷின் 18 மணி நேரம் ஓடிவிட்டது.

அமோனியா · செவ்வாய் காலை 11:25

அந்தப் பன்னிரண்டு படம் தங்கம். சராசரி எங்கே விழுகிறது பாருங்கள், மைனஸ் 8-ஐ ஒட்டித்தான். சுவர் வழியாக மட்டுமே வெப்பம் வந்தது என்று வைத்துப் போட்ட கணக்கோடு பொருந்துகிறது. கதவைத் திறந்து போட்டிருந்தால் இன்னும் மோசமாக இருந்திருக்கும். கதவு மூடியே இருந்ததா என்ற கேள்வி வரும்போது இதையும் சொல்லுங்கள்.

சேதக்கணக்கு · செவ்வாய் பகல் 12:05

வாட்ஸ்அப் பிரதி வேண்டாம். அனுப்பும்போது படம் சுருங்கும், எடுத்த நேரம் உள்ளிட்ட உள்விவரம் போய்விடும். சூப்பர்வைசர் போனில் உள்ள மூலப்படங்களை கேபிள் போட்டு எடுங்கள், அந்தப் போனை இப்போது மாற்றவோ அழிக்கவோ வேண்டாம் என்று சொல்லுங்கள். எந்தப் படம் எந்த பேலட், எந்த அடுக்கு என்று அவரே கையால் எழுதிக் கையெழுத்திடட்டும். நினைவு மங்குவதற்குள்.

அந்தத் தெர்மாமீட்டருக்கு சர்ட்டிபிகேட் இல்லையென்றால் ஒரு சோதனை செய்துவிடலாம். நொறுக்கிய ஐஸை பாத்திரம் நிறையப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, கலக்கி, ஊசி பக்கச்சுவரைத் தொடாமல் நடுவில் வைத்தால் 0 காட்ட வேண்டும். அரை டிகிரி தள்ளிக் காட்டினால் அதையும் எழுதிவிடுங்கள், மறைக்க வேண்டாம். சாட்சி முன்னிலையில் செய்யுங்கள். பிறகு முறையான ஆய்வகத்துக்கும் அனுப்புங்கள்.

முதல் சேம்பருக்கு எண் இல்லை. அங்கே சரக்கையேதான் சாட்சி சொல்லவைக்க வேண்டும். இளகி மறுபடி உறைந்த பெட்டி சொல்லிவிடும்: அட்டையின் அடி நனைந்து காய்ந்த கறை, பாலித்தீனுக்குள் உறைந்த நீர்த்தேக்கம், பிளாக்கின் கூர்மூலை மழுங்கி மேல்பெட்டி எடையில் சாய்ந்த வடிவம், மீனின் மேல் உள்ள பனிப்பூச்சான கிளேஸ் உதிர்ந்து உறைக்குள் பொடிப்பொடியாக ஐஸ். மேலடுக்கு, கதவுப்பக்கம், நடு, அடி என்று பேலட் வாரியாகத் திறந்து பாருங்கள், சர்வேயரோடு சேர்ந்து. அமோனியா கணக்கு சரியென்றால் மேலடுக்கிலும் கதவோரத்திலும் மட்டும் இந்தக் குறிகள் கிடைக்கும். அந்த டன்களை மட்டும் கேளுங்கள்.

எளியவழி · செவ்வாய் பகல் 12:40

லேபுக்கு அனுப்பினால் போதாதா? டி.வி.பி.என். பார்த்தால் கெட்டதா இல்லையா தெரிந்துவிடும். இன்னொன்று, பாலிசியில் முதல் 24 மணி நேரம் கிளெய்ம் இல்லை என்று இருக்குமே. 61-ல் 24 கழித்து விகிதப்படி குறைப்பார்கள்.

சேதக்கணக்கு · செவ்வாய் பகல் 1:30

லேபுக்கு அனுப்பட்டும், கிருமிப் பரிசோதனையும் சேர்த்து. ஆனால் டி.வி.பி.என். மீனின் புரதம் அழுகும்போது ஏறுவது. மைனஸ் 3-க்கு ஒரு நாள் போய்த் திரும்பிய மீனில் அது பெரிதாக ஏறாமலே இருக்கலாம். சதை தளர்ந்து, உருக்கும்போது நீர் வடிந்து, எடையும் தரமும் போயிருக்கும், டி.வி.பி.என். நல்லபடியாக இருக்கும். ஆகவே நல்ல எண் வந்தால் சேதமே இல்லை என்று அவர்கள் சொல்லாதபடி, உருக்கி வடிநீரை எடைபோடும் சோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். பாதிக்காத பிளாக் ஒன்றை அதே லாட்டிலிருந்து ஒப்பிட அனுப்புங்கள்.

24 மணி விஷயம் விகிதக் கழிவு அல்ல. அறையை மூடி வைத்தால் இவ்வளவு நேரம் சரக்கு கெடாது என்று முன்கூட்டி ஒப்புக்கொண்ட காலம் அது. தடை அதற்குள் முடிந்தால் கிளெய்ம் இல்லை. தாண்டினால் தாண்டியபின் நேர்ந்த சேதம் முழுவதும் கணக்கில் வரும், அதன்மேல் பாலிசியில் உள்ள கழிவுத்தொகை தனி. முதல் சேம்பருக்கு அந்தக் கடிகாரம் 9:40-லிருந்துதான் ஓடும், குளிர்பதனம் நின்றது அப்போதுதானே. இரண்டுமே 24-ஐத் தாண்டிவிட்டன. அந்த 17 மணி நேரம் கைவிட்டுப் போனாலும் 2:14 முதல் 22:10 வரை கிட்டத்தட்ட 44 மணி, முதல் சேம்பருக்கு 36 மணிக்கு மேல். ஆகவே ஃபியூஸ் தகராறு கிளெய்ம் உண்டா இல்லையா என்பதை மாற்றாது, எவ்வளவு என்பதைத்தான் மாற்றும்.

ஏற்றுமதிக்காரன் · செவ்வாய் மாலை 5:15

எல்லோரும் ஒன்றை விடுகிறீர்கள். முதல் சேம்பர் மைனஸ் 17 என்றால் நல்லது என்று யார் சொன்னது? வாங்குபவர் ஒப்பந்தத்தில் மைனஸ் 18-க்கு மேல் போகவே கூடாது என்று இருக்கும். லாகர் பிரிண்ட்டில் மைனஸ் 4-ஐப் பார்த்ததும் சரக்கைத் தொடமாட்டார். சதை நன்றாக இருந்து என்ன, விற்க முடியாவிட்டால் அது நஷ்டம்தானே? 180 டன்னும் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

சேதக்கணக்கு · செவ்வாய் மாலை 6:00

நஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த வகைப் பாலிசி பொருள் கெட்டதற்கு ஈடு தருவது. வாங்குபவர் தயங்கியதற்கோ சந்தை போனதற்கோ அல்ல. காகிதத்தில் மைனஸ் 4 என்று இருப்பது பொருளின் சேதம் இல்லை.

ஏற்றுமதிக்காரன் · செவ்வாய் மாலை 6:20

குளிர்ச்சங்கிலி அறுந்தது என்று ஆவணம் சொன்னால் பொருளின் தரமே போனதாகத்தான் வியாபாரத்தில் எடுப்போம். தரமும் பொருளின் குணம்தானே. வாங்குபவர் எழுத்தில் நிராகரித்தால் அதைக் கோப்பில் வைக்க வேண்டும் என்றுதான் சொல்வேன்.

சேதக்கணக்கு · செவ்வாய் மாலை 6:45

நிராகரிப்புக் கடிதம் இருந்தால் வைக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. அதை மட்டும் வைத்து 180 டன் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்டு எழுதி வாங்கிய கடிதமாகவும் இருக்கக் கூடாது.

அமோனியா · செவ்வாய் இரவு 7:10

வாங்குபவருக்கு லாகர் பிரிண்ட்டோடு சென்சார் எங்கே இருந்தது என்ற வரைபடமும், முதல் சேம்பர் பெட்டிகளின் இப்போதைய நடு வெப்பநிலையும், திறந்து பார்த்த பேலட் பட்டியலும் சேர்த்துக் கொடுத்தால் பலர் ஏற்றுக்கொள்வார்கள். அடுத்த தடவைக்கு ஒரு சென்சாரைக் கூரையிலிருந்து எடுத்துப் பெட்டிகளுக்கு நடுவே புதைத்து வையுங்கள். மேலடுக்கில் ஒன்று, நடுவில் ஒன்று.

மைனஸ்இருபது · வியாழன் மாலை 4:30

எல்லோருக்கும் நன்றி. இதுவரை நடந்தது.

ஏழு நாள் வரைபடம் போட்டோம். 28 மேட்டில் 27 சரியாக அரை மணியில். ஒன்று மட்டும் இல்லை, அன்று நாங்களே டீஃப்ராஸ்ட்டை நிறுத்தி வைத்திருந்தோம், ஷிஃப்ட் நோட்டில் எழுதியிருக்கிறது. மூலக்கோப்பும் விளக்கக் கடிதமும் கொடுத்துவிட்டேன். முதல் கேள்வியைச் சர்வேயர் விலக்கிக்கொண்டார்.

மீட்டர் பதிவு இன்று கிடைத்தது. கரண்ட் போனது 2:17, வந்தது 3:37. மீட்டர் கடிகாரம் மூன்று நிமிடம் முன்னால் ஓடுகிறது என்று அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். நடுவில் எந்த நிகழ்வும் இல்லை, லோடு சர்வேயில் முழுவதும் பூஜ்யம்.

ஃபியூஸ் எந்தக் கம்பம் என்ற கடிதம் இன்னும் வரவில்லை. முதல் சேம்பரில் நேற்று சர்வேயரோடு 30 பேலட் திறந்தோம். குறிகள் ஏழு பேலட்டில், எல்லாமே மேல் இரண்டு அடுக்கு. மீதி 195 பேலட் பாக்கி.

ஏபி_சுவிட்ச் · வியாழன் மாலை 5:05

மீட்டரில் நடுவே நிகழ்வே இல்லை என்றால் மீட்டருக்குக் கரண்ட் வரவேயில்லை. மீட்டருக்கு ஓல்டேஜ் எடுக்கும் பி.டி. உங்கள் பிரேக்கருக்கு முன்னால் இருந்தால், பழுது அதற்கும் முன்னால்தான். பி.டி. ஃபியூஸ் போயிருந்தாலும் மீட்டர் இப்படித்தான் காட்டும், அதை மட்டும் கடிதத்தில் இல்லையென்று எழுதச் சொல்லுங்கள்.

சேதக்கணக்கு · வியாழன் மாலை 5:40

30-ல் 7 என்பதை வைத்து 225-க்கும் விகிதம் போட்டுவிடாதீர்கள், அவர்களையும் போட விடாதீர்கள். திறந்த 30 எங்கே இருந்தவை? கதவோரத்திலிருந்து எடுத்திருந்தால் கூடுதலாகத் தெரியும், நடுவிலிருந்து என்றால் குறைவாக. பேலட் இடவரைபடத்தில் திறந்தவற்றைக் குறித்து இருவரும் கையெழுத்திடுங்கள். மேல் இரண்டு அடுக்கில் மட்டும்தான் குறி என்று உறுதியானால், மீதி பேலட்டுகளில் அந்த இரண்டு அடுக்கை மட்டும் பிரித்துப் பார்க்க ஒப்புக்கொள்ளுங்கள். கெட்டவை என்று ஒதுக்கியவற்றைத் தனி லாட் எண் போட்டு, பூட்டி வையுங்கள். எழுத்தில் அனுமதி வரும்வரை ஒரு பெட்டிகூட வெளியே போகக் கூடாது, குப்பைக்கும்தான்.

மைனஸ்இருபது · வியாழன் இரவு 8:15

திறந்ததில் 18 கதவோரம், 12 நடு. ஏழில் ஆறு கதவோரத்தில்தான் இருந்தன. நாளை வரைபடம் போடுகிறோம். 220 டன் என்று கொடுத்த தொகையைத் திருத்திக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்: இரண்டாம் சேம்பர் 40 டன், முதல் சேம்பர் கூட்டாகப் பிரித்துப் பார்த்து உறுதியாகும் டன்கள் மட்டும்.